அரிசி மூட்டையை இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, முதல் சில நாள் என்ன செய்வது?

மூணாம் மாடி (ஞாயிறு, காலை 11.20)

வணக்கம். எனக்கு வயது 41. ரங்கூன் நகருக்குள் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. இன்று காலை சைக்காக்காரர் அரிசி மூட்டையைப் படிக்கட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். 24 பியி மூட்டை, 108 பவுண்டு. வழக்கமாகச் சுமந்து வரும் பையன் வரவில்லை, அதனால் நானே தோளில் வைத்து ஏறிவிட்டேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. சமையலறை மூலையில் இறக்கி வைக்க உடம்பைத் திருப்பிக் குனிந்தேன், அந்த நொடியில் இடுப்பில் கத்தி இறங்கியதுபோல் வலி. அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதுகிறேன். அசையாமல் இருந்தால் பொறுக்க முடிகிறது. புரண்டாலோ இருமினாலோ உயிர் போகிறது. கைலி கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, வலப்பக்கம். மனைவி கண்ணாடி முன்னால் நிற்க வைத்துப் பார்த்தாள், உடம்பு இடப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. எலும்பு இடம் மாறிவிட்டதா?

தெருமுனை மருந்துக்கடையில் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறார்கள். நான்கு மாத்திரைகள், எதிலும் பெயர் இல்லை. சாப்பிடலாமா?

தட்டோன் பெரியவர் (ஞாயிறு, பகல் 12.05)

தம்பி, பயப்படாதீர்கள். இது வாயுப் பிடிப்பு. நெல் மில்லில் முப்பது வருஷம் இருந்தவன் நான், மூட்டை தூக்குகிறவர்களுக்கு இது வராமல் இருக்காது. கல் உப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். சுட்டுவிடக் கூடாது, கையில் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். பிறகு வெறும் பலகையில் ஒரு வாரம் அசையாமல் படுத்திருங்கள். சுளுக்கு வழிக்கத் தெரிந்த ஆள் இருந்தால் எண்ணெய் போட்டு ஏறி மிதிக்கச் சொல்லலாம். ஒரே மிதியில் சரியாகிவிடும்.

சிரியம்காரன் (ஞாயிறு, பகல் 12.40)

இது கல்லாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். என் அண்ணனுக்கும் இடுப்பில் வலப்பக்கம்தான் வலித்தது. பிடிப்பு என்று நினைத்து இரண்டு நாள் தைலம் தேய்த்தோம். கடைசியில் ஸ்கேன் எடுத்தால் சிறுநீரகக் கல். தண்ணீர் நிறையக் குடியுங்கள், உடனே ஸ்கேன் எடுங்கள்.

பெகு அக்கா (ஞாயிறு, பகல் 1.30)

மூணாம் மாடி தம்பி, நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் மாதிரி ஆட்களை வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். முதலில் ஐந்து கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காலையிலிருந்து சிறுநீர் போனீர்களா, வழக்கம்போல் வந்ததா? கழுவும்போது ஆசனவாயைச் சுற்றியும் இரண்டு தொடை இடுக்கிலும் தொடு உணர்வு இருந்ததா, மரத்துப்போன மாதிரி இருந்ததா? வலி காலுக்கு இறங்குகிறதா, இறங்கினால் முட்டிக்கு மேலோடு நிற்கிறதா, கீழேயும் போகிறதா? சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நாலு அடி, நுனிக்காலால் நாலு அடி நடக்க முடிகிறதா? காய்ச்சல் உண்டா?

சிரியம்காரர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் கல் வலி வேறு மாதிரி இருக்கும். அந்த நோயாளி ஓர் இடத்தில் படுக்கவே மாட்டார், புரண்டு புரண்டு துடிப்பார், எப்படிப் படுத்தாலும் வலி அலை அலையாக வரும். வலி விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும். இவருக்கு அசையாமல் இருந்தால் தணிகிறது, அசைந்தால் குத்துகிறது, மூட்டையை இறக்கிய நொடியில் ஆரம்பித்திருக்கிறது. இது தசையும் மூட்டும் சம்பந்தப்பட்ட வலி. சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ குளிர் காய்ச்சல் வந்தாலோ அப்போது வேறு கதை.

மிதிக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். பெரியவர் மன்னிக்க வேண்டும்.

மூணாம் மாடி (ஞாயிறு, பகல் 2.10)

அக்கா, சிறுநீர் போனேன், வழக்கம்போல்தான். மரத்துப்போன மாதிரி இல்லை. வலி புட்டம் வரை போகிறது, காலுக்கு இறங்கவில்லை. குதிகாலில் நடந்தேன், வலித்தது, ஆனால் கால் மடங்கவில்லை. காய்ச்சல் இல்லை. ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன்.

பெகு அக்கா (ஞாயிறு, பகல் 3.00)

நல்லது. இன்று ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை இல்லை. ஸ்கேனும் இப்போது தேவையில்லை.

சாய்ந்து நிற்பதைப் பார்த்துப் பயந்தீர்கள் அல்லவா? எலும்பு இடம் மாறவில்லை. வலிக்கிற பக்கத்தில் பாரம் விழாமல் இருக்க முதுகுத் தசைகள் இறுகி உடம்பைத் தள்ளி நிறுத்துகின்றன. கையில் முள் குத்தினால் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறோமே, அதேபோல. வலி குறையக் குறைய உடம்பு தானாக நிமிரும். சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். இதை நிமிர்த்துகிறேன் என்று யாராவது முறுக்கினால் தசை இன்னும் இறுகும். அடியில் ஜவ்வு வீங்கி நரம்பை ஒட்டியிருந்தால் அந்த மிதியே நரம்பை நசுக்கிவிடலாம். எந்த நோயாளிக்கு ஜவ்வு அப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து எனக்கே சொல்லத் தெரியாது. மிதிப்பவருக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பொட்டலத்தைச் சாப்பிடாதீர்கள். பெயரில்லாத நான்கு மாத்திரையில் ஒரே வகை வலி மாத்திரை இரண்டு இருக்கலாம், ஸ்டீராய்டும் இருக்கலாம். மறுநாளே வலி பறந்துவிடும், அதனால்தான் ஜனங்கள் அதைத் தேடிப் போகிறார்கள். வயிற்றில் புண்ணும் ரத்தக் கசிவும் அதற்குப் பிறகு வரும். என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டால் உங்களால் சொல்லவும் முடியாது. அட்டையில் பெயர் அச்சிட்ட இப்யூபுரூஃபன் 400 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று முறை, மூன்று நாலு நாள். பொதுவாகக் கொடுப்பது இதுதான். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. உங்களுக்குக் கொதிப்பு இருக்கிறது. இந்த மாத்திரை கொதிப்பைக் கொஞ்சம் ஏற்றும், ஆகவே உங்கள் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை அவருடையதுதான்.

இனிப் படுக்கை. இன்று படுத்திருங்கள், தவறில்லை. மல்லாந்து படுத்தால் முட்டிக்கு அடியில் இரண்டு தலையணை, ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒன்று. வெறும் பலகை வேண்டாம், மெத்தை தொய்யாமல் இருந்தால் போதும். எழும்போது நேராக எழ முயல்வதால்தான் உயிர் போகிறது. முட்டியை மடக்குங்கள், தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருள்வதுபோல் பக்கவாட்டில் உருளுங்கள். கட்டிலாக இருந்தால் காலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டே கையை ஊன்றி எழுங்கள். தரையில் படுத்திருந்தால் அது கடினம். கட்டில் இல்லையென்றால் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, உருண்டு, முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து எழலாம். இருமலோ தும்மலோ வந்தால் எதையாவது இறுகப் பிடித்துக்கொண்டு முட்டியை லேசாக மடக்குங்கள்.

நாளை காலையிலிருந்து நடக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே, மணிக்கு ஒரு தடவை, ஐந்து நிமிஷம்.

தட்டோன் பெரியவர் (ஞாயிறு, மாலை 5.15)

அம்மா, படித்த பிள்ளை சொல்கிறீர்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எங்கள் மில்லில் படுத்து எழுந்தவர்கள் எல்லாரும் நல்லபடியாகத்தான் ஆனார்கள். வலியோடு நடக்கச் சொல்வது எனக்குப் புரியவில்லை. அடிபட்ட இடத்துக்கு ஓய்வு வேண்டாமா?

பெகு அக்கா (ஞாயிறு, இரவு 8.40)

ஐயா, நியாயமான கேள்வி. எங்கள் துறையிலும் ஒரு காலத்தில் இரண்டு வாரம் படுக்கச் சொன்னவர்கள்தான். 1995இல் பின்லாந்தில், ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாரும் இடுப்புப் பிடிப்பு வந்தவர்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை, ஒரு பிரிவுக்கு இடுப்புப் பயிற்சி. மூன்றாம் பிரிவினரிடம், வலி பொறுக்கிற அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்கள் என்றார்கள். சீக்கிரம் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினர். மெதுவாகத் தேறியவர்கள் படுத்தவர்கள். பயிற்சி செய்தவர்களும் மூன்றாம் பிரிவினர் அளவுக்குத் தேறவில்லை, அதனால் முதல் வாரத்தில் நான் பயிற்சி எதுவும் சொல்லித் தருவதில்லை.

மில்லில் படுத்தவர்கள் நல்லபடியாக எழுந்தார்கள் என்பதும் உண்மைதான். இந்த வலியில் பெரும்பாலானவை எதைச் செய்தாலும் சில வாரங்களில் தணியும். படுத்ததால் ஆறியது என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் படுத்திருந்தும் ஆறியது. ஆனால் ஒரு வாரம் அசையாதவருக்குத் தசை தளர்ந்து, எழுந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளுமோ என்ற பயம் தங்கிவிடுகிறது. அந்தப் பயத்தோடு வருகிறவர்களைத் தேற்றத்தான் எனக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

உங்கள் உப்பு ஒத்தடம் அருமையான யோசனை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் மின்சார ஒத்தடப் பையை நம்பி இருக்க முடியாது. ஒரு தடவைக்கு 15, 20 நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை.

மந்தலே மைந்தன் (திங்கள், காலை 7.30)

முதல் இரண்டு நாள் ஐஸ்தான் வைக்க வேண்டும், சூடு வைத்தால் வீக்கம் கூடும் என்று எங்கள் கால்பந்துப் பயிற்சியாளர் சொல்வார். எது சரி?

பெகு அக்கா (திங்கள், காலை 8.15)

கணுக்கால் பிசகினால் அவர் சொல்வதுபோல் ஐஸ் வைக்கலாம். இடுப்பில் அடிபட்ட இடம் தோலுக்கு வெகு ஆழத்தில் இருக்கிறது, ஐஸின் குளிர்ச்சி அங்கே எட்டுமா என்பது சந்தேகம். சூட்டால் முதல் வாரத்தில் வலி கொஞ்சம் குறைகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஐஸுக்கு அப்படி உறுதியான சான்று இல்லை. ஆனால் ஐஸ் வைத்தால் எனக்கு இதமாக இருக்கிறது என்று சொல்லும் நோயாளியை நான் தடுப்பதில்லை. எங்கள் ஆட்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை.

மூணாம் மாடி (திங்கள், காலை 9.50)

இன்று எழுந்ததும் நேற்றைவிட மோசம். படுக்கையிலிருந்து எழவே கால் மணி நேரம் ஆனது. அக்கா சொன்ன மாதிரி உருண்டுதான் எழுந்தேன். ஆனால் கூடத்தில் பத்து நிமிஷம் நடந்ததும் கொஞ்சம் இளகியது, இது எனக்கே ஆச்சரியம். டாக்டரிடம் கேட்டேன். மூன்று நாளைக்கு இப்யூபுரூஃபன் சாப்பிடலாம், கொதிப்பைத் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

பெரிய சிக்கல் கழிவறை. எங்கள் வீட்டில் குந்தி உட்காரும் வகைதான். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அதற்குப் பயந்து நேற்றிலிருந்து சாப்பாட்டையே குறைத்துக்கொண்டேன்.

பெகு அக்கா (திங்கள், பகல் 12.30)

சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். இரண்டாம் நாள் காலைதான் பெரும்பாலானவர்களுக்கு மிக மோசமான வேளை. ராத்திரி முழுக்க அசையாததால் எல்லாம் இறுகியிருக்கும்.

கழிவறைக்கு: நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தால் அதன்மேல் உட்காருங்கள். கிடைக்காவிட்டால் எதிரே கனமான நாற்காலி ஒன்றைப் போட்டு, அதன் இருக்கையில் இரண்டு கையையும் ஊன்றி இறங்கி ஏறுங்கள். முக்கக் கூடாது. முக்கினால் இருமும்போது வருகிற அதே குத்தல் வரும். தண்ணீர், பப்பாளி, கீரை சேர்த்துக்கொள்ளுங்கள்.

டீக்கடைக்குப் போனால் அந்தக் குட்டி ஸ்டூலில் உட்கார வேண்டாம். முட்டி இடுப்பைவிட மேலே போகும்போது கீழ்முதுகு வளைந்து இழுபடும். நின்றுகொண்டே குடித்துவிட்டு வாருங்கள்.

மூணாம் மாடி (செவ்வாய், இரவு 9.10)

அக்கா, இன்று மத்தியானத்திலிருந்து வலி தொடையின் பின்பக்கம் இறங்குகிறது, முட்டிக்கு நாலு விரல் மேலே வரை. நேற்றுவரை இது இல்லை. கடைப்பையன் எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும் என்கிறான். அவன் மாமாவுக்கு ஜவ்வு விலகல் என்று ரிப்போர்ட் வந்ததாம். இன்று காலை கடையில் ஒரே இடத்தில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

மொல்மேன் தங்கை (செவ்வாய், இரவு 9.45)

எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆனதைச் சொல்கிறேன். தண்ணீர்க் குடம் தூக்கினேன். வலி இடுப்பில் ஆரம்பித்து, நாலாவது நாள் சுண்டு விரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இறங்கியது. ஆறாவது நாள் செருப்பு காலிலிருந்து கழன்று கழன்று விழுந்தது, நடக்கும்போது பாதம் தரையில் உரசியது. வலி குறைந்திருந்ததால் தேறிவிட்டது என்று நினைத்து மேலும் பத்து நாள் விட்டுவிட்டேன். அறுவை சிகிச்சை செய்தார்கள். கால் வலி போனது. பாதம் இன்றுவரை முழுசாக மேலே தூக்க வரவில்லை. அண்ணா, தயவுசெய்து கவனமாக இருங்கள்.

பெகு அக்கா (செவ்வாய், இரவு 10.30)

தங்கை, இதை எழுதியதற்கு நன்றி. வலி குறைந்ததும் தேறிவிட்டது என்று நினைத்தேன் என்கிறீர்களே, எல்லாரும் ஏமாறும் இடம் அதுதான். நரம்பு நன்றாக நசுங்கினால் வலி குறைந்து பலவீனம் கூடுவதுண்டு. அதனால் வலியின் அளவை மட்டும் பார்க்கக் கூடாது, காலின் பலத்தைப் பார்க்க வேண்டும்.

மூணாம் மாடி தம்பி, உங்களுக்கு முட்டிக்கு மேலோடு நிற்கிறது. இடுப்பு மூட்டும் தசையும் எரிச்சலானாலே தொடை வரை வலி பரவும், அதற்கு நரம்பு நசுங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டரை மணி நேர உட்காரல் இதைக் கிளப்பியிருக்கும். நாளை அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். வலி மறுபடி இடுப்புக்கே ஏறினால் நல்ல அறிகுறி, இடுப்பில் கொஞ்சம் கூடியிருந்தாலும் பரவாயில்லை. முட்டியைத் தாண்டி இறங்கினால் வாரக் கடைசிக்குள் டாக்டர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும்.

குதிகால் நடையைத் தினமும் காலையில் செய்யுங்கள். பாதம் தொங்கினாலோ நுனிக்காலில் நிற்க முடியாமல் போனாலோ அன்றே போங்கள். சிறுநீர் முட்டியும் வராமல் போனாலோ, தெரியாமல் கசிந்தாலோ, மலத்தை அடக்க முடியாவிட்டாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, இரண்டு காலிலும் வலியோ பலவீனமோ வந்தாலோ விடியும் வரை காத்திருக்காதீர்கள். பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நடு ராத்திரியானாலும் போய்விடுங்கள். அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்டீர்கள். முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு அமெரிக்காவில் எடுத்துப் பார்த்து 1994இல் எழுதினார்கள். பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் இடத்திலாவது ஜவ்வு புடைத்திருந்தது. உங்களுக்கு இப்போது எடுத்தாலும் ஏதாவது எழுதி வரத்தான் செய்யும். அது ஞாயிற்றுக்கிழமை வந்ததா, பத்து வருஷமாக இருக்கிறதா என்று படம் சொல்லாது.

சிரியம்காரன் (புதன், காலை 6.50)

அக்கா, இதைப் படித்ததும் எங்கள் அம்மா விஷயம் கேட்கத் தோன்றியது. வயது 72. போன வாரம் பூந்தொட்டியை நகர்த்தினார், பெரிய கனம்கூட இல்லை. முதுகின் நடுவில், எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது. மூச்சிரைப்புக்குப் பல வருஷமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். நீங்கள் சொன்னபடி நடக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு நாளும் கூடுகிறது.

பெகு அக்கா (புதன், காலை 7.20)

தம்பி, நடக்க வைப்பதை நிறுத்திவிட்டு இன்றே எக்ஸ்ரேக்கு அழைத்துப் போங்கள். இங்கே நான் எழுதியது 41 வயதுக்காரருக்கு. 72 வயது, பல வருஷ ஸ்டீராய்டு, எலும்பிலேயே வலி என்றால் சின்னச் சுமைக்கே முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இப்யூபுரூஃபனும் கொடுக்காதீர்கள்.

மூணாம் மாடி (சனி, மாலை 4.00)

ஏழாம் நாள். புதன், வியாழன் இரண்டு நாளும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தேன். தொடை வலி வெள்ளிக்கிழமை புட்டத்துக்கு ஏறிவிட்டது, இன்று இடுப்பில் மட்டும்தான். குதிகால் நடை சரியாக இருக்கிறது. மாத்திரையை மூன்றாம் நாளோடு நிறுத்திவிட்டேன். சாய்வு பாதி நிமிர்ந்திருக்கிறது. நேற்று ஒருமுறை படியிறங்கிக் காய்கறி வாங்கி, பையை பால்கனிக் கயிற்றில் மாட்டி மேலே இழுக்கச் சொன்னேன். இறங்குவதைவிட ஏறுவது எளிதாக இருந்தது. சைக்காவில் மட்டும் ஏறவில்லை, குலுக்கலை நினைத்தாலே பயம்.

இன்னும் ஒரு சந்தேகம். கடையில் இடுப்பு பெல்ட் விற்கிறார்கள். கட்டிக்கொண்டு மூட்டை தூக்கலாமா?

தட்டோன் பெரியவர் (சனி, மாலை 5.30)

நாங்கள் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் தூக்குவோம் தம்பி. கட்டினால் தைரியம் வரும்.

பெகு அக்கா (சனி, இரவு 8.00)

அந்தத் தைரியம்தான் எனக்குக் கவலை ஐயா. பெல்ட் மறுபடி வராமல் தடுக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. ஒரு வாரம் வலிக்கு இதமாகக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டால் கட்டுங்கள். என்னோடு வேலை செய்கிற ஒருவர் முதல் வாரத்தில் எல்லாருக்கும் பெல்ட் தருகிறார். நான் தருவதில்லை. எங்களுக்குள் இந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

மூட்டையை இன்னும் சில வாரம் தொடாதீர்கள். முதலில் ஐந்து கிலோ, வலிக்கவில்லை என்றால் மறுவாரம் பத்து என்று ஏற்றுங்கள். 108 பவுண்டை எப்படித் தூக்கினாலும் ஒருவருக்கு அதிகம்தான். மூட்டையைக் கீழேயே பிரித்து நாலு பையாக்கிக் கயிற்றில் ஏற்றுங்கள். இறக்கி வைக்கும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தோடு முழு உடம்பையும் திருப்புங்கள். உங்களுக்குப் பிடித்தது தூக்கியபோது இல்லை, திருப்பிக் குனிந்தபோதுதான்.

சிரியம்காரன் (சனி, இரவு 9.25)

எக்ஸ்ரே எடுத்தோம் அக்கா. முதுகெலும்பில் ஒன்று முன்பக்கம் நசுங்கியிருக்கிறது. எலும்பு டாக்டர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை அம்மாவை எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், இப்போது நாற்காலியிலேயே தூங்குகிறார்.

பெகு அக்கா (சனி, இரவு 9.40)

நாற்காலியில் சாய்ந்தபடி தூங்க முடிகிறது என்றால் அப்படியே தூங்கட்டும், கழுத்துக்கும் முழங்கைக்கும் தலையணை கொடுங்கள். படுக்க விரும்பினால் மேலே சொன்ன உருளல்தான். குனியவும் எதையும் தூக்கவும் விடாதீர்கள். கழிவறைக்கு யாராவது கூடப் போங்கள். கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ திங்கள் வரை பார்க்க வேண்டாம், அந்த நேரமே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.